அறுபதுக்குப் பிறகு மாதப் பணம் எங்கிருந்து வரும்?



அரசாங்க வேலை பார்ப்பவருக்கு வயதான காலத்தில் ஓய்வூதியம் உண்டு. பெரிய கம்பெனியில் வேலை பார்ப்பவருக்குச் சேமநல நிதி உண்டு. அவர் சம்பளத்தில் பிடிக்கும் பணத்தோடு முதலாளியும் ஒரு பங்கு போடுகிறார். ஆனால் தையல் கடை வைத்திருப்பவருக்கு யார் போடுவார்கள்? ஆட்டோ ஓட்டுபவருக்கு, இட்லிக் கடை வைத்திருப்பவருக்கு, காய்கறி வண்டி தள்ளுபவருக்கு யார் போடுவார்கள்? அவர்களுக்கு அவர்களே முதலாளி. அவர்களே தொழிலாளி. இரண்டு பங்கையும் அவர்களேதான் போட வேண்டும்.

அப்படிப் போடுவதற்கு இரண்டு வழிகளைப் பற்றி இன்று பேசுவோம். ஒன்றில், கடைசியில் கிடைக்கும் தொகை முதலிலேயே முடிவாகிவிடும். இன்னொன்றில், அது சந்தையைப் பொறுத்துக் கூடும், குறையும். முதலாவதன் பெயர் அடல் பென்ஷன் யோஜனா. இரண்டாவதன் பெயர் தேசிய ஓய்வூதியத் திட்டம். அதைச் சுருக்கமாக என்.பி.எஸ். என்பார்கள்.

வெறும் பெயர்களைச் சொன்னால் மனதில் நிற்காது. ஒருவரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெங்களூரில் ஒரு பெண் வாடகைக் கடையில் தையல் மிஷின் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வயது 30. ரவிக்கை தைக்கிறார், சேலைக்கு ஃபால் அடிக்கிறார். தீபாவளி, கல்யாண மாதங்களில் நல்ல வருமானம். மற்ற மாதங்களில் கை கொஞ்சம் இறுக்கம். எப்படிப் பார்த்தாலும் மாதம் 1,000 ரூபாய் எடுத்து வைக்க அவரால் முடியும். அந்தப் பணத்தை அவர் எங்கே போடுவது?

முதல் வழி: தொகை நிலையானது

அடல் பென்ஷன் யோஜனா 2015ஆம் ஆண்டு தொடங்கியது. 18 வயது முதல் 40 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும். வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் முதல் இதில் புதிதாகச் சேர முடியாது.

சேரும்போதே எவ்வளவு ஓய்வூதியம் வேண்டும் என்று சொல்ல வேண்டும். மாதம் 1,000, 2,000, 3,000, 4,000, 5,000 என்று ஐந்து படிகள் உண்டு. எந்தப் படி, சேரும்போது என்ன வயது என்பதை வைத்து மாதச் சந்தா முடிவாகும்.

நம் தையல்காரர் 5,000 ரூபாய்ப் படியைக் கேட்டால், 30 வயதில் மாதச் சந்தா 577 ரூபாய். இதே படியை அவர் 18 வயதில் கேட்டிருந்தால் 210 ரூபாய்தான். 35 வயது வரை காத்திருந்தால் 902 ரூபாய். தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் சந்தாவைக் கூட்டும்.

அவர் 60 வயது வரை, 30 ஆண்டுகள் கட்டுகிறார். மொத்தம் கட்டுவது சுமார் 2 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய். 60 வயதிலிருந்து மாதம் 5,000 ரூபாய், உயிரோடு இருக்கும் வரை வரும். அவர் காலமானால் அதே 5,000 கணவருக்கு வரும். கணவரும் காலமான பிறகு, நாமினியாக எழுதப்பட்டவருக்கு 8 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கிடைக்கும்.

இந்தத் தொகைக்கு மத்திய அரசு உத்தரவாதம் தருகிறது. சந்தாப் பணத்தை முதலீடு செய்ததில் வருமானம் குறைந்துபோனால், அந்தக் குறையை அரசு போட்டு நிரப்பும். சந்தை விழுந்தது என்று சொல்லி 5,000 ரூபாயை 4,000 ஆக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். இது நல்ல வருமானமா, குறைந்த வருமானமா? மாதம் 577 ரூபாயை 30 ஆண்டுகள் போட்டு, அது 8 லட்சத்து 50 ஆயிரம் ஆக வேண்டுமானால், ஆண்டுக்கு 100 ரூபாய்க்கு ஏறக்குறைய 8 ரூபாய் வட்டி வர வேண்டும். ஆகவே இது உத்தரவாதத்தோடு கிடைக்கும் சுமார் 8 சதவீதம். இந்த எட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வழியை இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது வழி: சந்தையோடு ஏறி இறங்குவது

என்.பி.எஸ். முதலில் அரசு ஊழியர்களுக்காக வந்தது. 2009 மே மாதம் முதல் எல்லாக் குடிமக்களும் சேரலாம் என்று ஆனது. இதில் 40 வயது என்ற வரம்பு இல்லை. நம் தையல்காரரின் அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார், அவருக்கு 44 வயது என்று வைத்துக்கொள்வோம். முதல் வழியின் கதவு அவருக்கு மூடிவிட்டது. இந்த வழி அவருக்கும் திறந்திருக்கிறது.

இதில் கட்டும் பணம் மூன்று இடங்களுக்குப் போகிறது. ஒரு பகுதி கம்பெனிகளின் பங்குகளுக்குப் போகும். ஒரு பகுதி கம்பெனிகளின் கடன் பத்திரங்களுக்குப் போகும். ஒரு பகுதி அரசின் கடன் பத்திரங்களுக்குப் போகும். எதில் எவ்வளவு என்பதைச் சந்தாதாரரே சொல்லலாம். சொல்லத் தெரியாவிட்டால், வயதைப் பார்த்துத் தானாகப் பிரிக்கும் முறையும் உண்டு. அந்த முறையில் வயது ஏற ஏறப் பங்கின் அளவு குறைந்துகொண்டே வரும்.

பங்கு ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது? பங்கு என்பது கம்பெனியில் ஒரு சிறு பாகம். கம்பெனி நன்றாக நடக்கும் என்று பலர் நம்பினால், அந்தப் பாகத்தை அதிக விலைக்கு வாங்குவார்கள். பயம் வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பார்கள், விலை விழும். 2020 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் என்ற குறியீடு 41,000க்கு மேல் இருந்தது. கொரோனா வந்தது. மார்ச் 23 அன்று அது 26,000க்கும் கீழே போனது. மூன்றே மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதே ஆண்டு நவம்பரில் அது மீண்டும் 42,000ஐத் தாண்டியது.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. விழுந்த நேரத்தில் பயந்து வெளியே வந்தவருக்கு நஷ்டம் உறுதியானது. பொறுத்திருந்தவருக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் எப்போதும் எட்டு மாதத்தில் திரும்பும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஆகும். 35 வயதுக்காரருக்குக் காத்திருக்கக் காலம் இருக்கிறது. 59 வயதுக்காரருக்கு அவ்வளவு காலம் இல்லை. அதனால்தான் வயது ஏறும்போது பங்கைக் குறைக்கச் சொல்கிறார்கள். 60 வயது ஆகும் ஆண்டில் சந்தை விழுந்து கிடந்தால், உடனே பணத்தை எடுக்கக் கட்டாயம் இல்லை. எடுப்பதைத் தள்ளிப்போடலாம்.

இப்போது அதே 577 ரூபாயை, அதே 30 ஆண்டுகள் இதில் போட்டுப் பார்ப்போம். என்ன வருமானம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மூன்று விதமாகக் கணக்குப் போடுவோம்.

ஆண்டுக்கு 6 சதவீதம் வந்தால், சேரும் தொகை சுமார் 5 லட்சத்து 80 ஆயிரம்.

8 சதவீதம் வந்தால், சுமார் 8 லட்சத்து 60 ஆயிரம்.

10 சதவீதம் வந்தால், சுமார் 13 லட்சம்.

வட்டியில் இருப்பது இரண்டு இரண்டு ரூபாய் வித்தியாசம்தான். 30 ஆண்டுகளில் அது லட்சக்கணக்கில் போய் நிற்கிறது.

இந்தத் தொகை அப்படியே மாத ஓய்வூதியம் ஆகிவிடாது. அதைக் கொண்டு ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியிடம் ஓய்வூதியப் பாலிசி வாங்க வேண்டும். அதை ஆனுவிட்டி என்பார்கள். நாம் மொத்தமாக ஒரு தொகை கொடுப்போம். கம்பெனி உயிருள்ள வரை மாதாமாதம் பணம் தரும். எவ்வளவு தரும் என்பது வாங்கும் நாளில் உள்ள வட்டியைப் பொறுத்தது. ஒரு லட்சத்துக்கு மாதம் 500 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டு பாருங்கள். 5 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மாதம் 2,900 ரூபாய். 8 லட்சத்து 60 ஆயிரத்துக்கு 4,300 ரூபாய். 13 லட்சத்துக்கு 6,500 ரூபாய்.

முதல் வழியில் 5,000 ரூபாய் உறுதி. இரண்டாவது வழியில் 2,900 ஆகவும் இருக்கலாம், 6,500 ஆகவும் இருக்கலாம். எட்டு சதவீதம் வந்தால்கூட, இந்தக் கணக்கில் 5,000ஐ எட்டவில்லை. ஆகவே சிறிய சந்தாவுக்கு, 5,000 ரூபாய் வரைக்கும், முதல் வழியை வெல்வது எளிதல்ல.

இரண்டாவது வழியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் ஒரு சிறு கட்டணம் பிடிக்கலாம். கணக்கை வைத்திருக்க ஆண்டுக் கட்டணமும் உண்டு. பெரிய தொகை கட்டுபவருக்கு அது தெரியாது. சிறு தொகை கட்டுபவருக்கு அது உறுத்தும். அதனால் சேரும் முன்பே, “ஒரு தடவை கட்டினால் எவ்வளவு பிடிப்பீர்கள்? வருஷத்துக்கு எவ்வளவு பிடிப்பீர்கள்?” என்று கேட்க வேண்டும். கட்டணத்தைத் தடவைக்கு இவ்வளவு என்று பிடித்தால், மாதாமாதம் கட்டுவதைவிட மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துக் கட்டுவது லாபம்.

விலைவாசி என்ற கரையான்

அப்படியானால் 577 ரூபாய் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாமா? அதுவும் முடியாது.

விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 12 ஆண்டுகளில் எல்லாப் பொருளின் விலையும் இரண்டு மடங்கு ஆகிவிடும். அதாவது, 12 ஆண்டுகள் கழித்து 5,000 ரூபாய் நோட்டுகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், இன்று 2,500க்குக் கிடைக்கும் சாமான்தான் கிடைக்கும். 24 ஆண்டுகள் கழித்துப் போனால் 1,250 ரூபாய்ச் சாமான். 30 ஆண்டுகள் கழித்து, நம் தையல்காரருக்கு 60 வயது ஆகும்போது, சுமார் 870 ரூபாய்ச் சாமான்.

நோட்டில் 5,000 என்றுதான் இருக்கும். உத்தரவாதம் அந்த எண்ணுக்குத்தான். அது வாங்கப்போகும் அரிசிக்கும் மாத்திரைக்கும் உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது வழியும் இந்தக் கரையானுக்குத் தப்பவில்லை. 10 சதவீதம் வந்து 6,500 ரூபாய் கிடைத்தாலும், அன்றைக்கு அது இன்றைய 1,130 ரூபாய்தான். எந்தத் திட்டமானாலும், 577 ரூபாயை 30 ஆண்டுகள் கூட்டாமல் கட்டினால் கிழவயதுக்குப் போதாது. காரணம் எளியது. இன்றைக்கு 577 என்பது அவருக்கு நாலைந்து ரவிக்கைகளின் கூலியாக இருக்கலாம். தையல் கூலி ஏறிய பிறகு அது ஒரே ரவிக்கையின் கூலியாகிவிடும். கூலி ஏறும், சந்தா மட்டும் ஏறாது. அதுதான் ஓட்டை.

இந்த ஓட்டையை அடைக்க முதல் வழியில் இடம் குறைவு. 5,000க்கு மேல் படி கிடையாது. இரண்டாவது வழியில் மேல் வரம்பு இல்லை. கூலி ஏற ஏறச் சந்தாவையும் ஏற்றலாம். என்.பி.எஸ்.ஸின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது.

இரண்டையும் சேர்த்தால்

நம் தையல்காரரிடம் 1,000 ரூபாய் இருக்கிறது. முதல் வழியில் 577 போடுகிறார். அது வீட்டின் அஸ்திவாரம். சந்தை விழுந்தாலும் அது அசையாது. மீதியில் மாதம் 400 ரூபாயை எடுத்து வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து இரண்டாவது வழியில் போடுகிறார். ஒருவரே இரண்டு கணக்கும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த 400 ரூபாய் கூடாமல் 30 ஆண்டுகள் போனால், 8 சதவீதத்தில் சுமார் 6 லட்சம் ஆகும். ஆனால் அவர் ஒவ்வோர் ஆண்டும் 100 ரூபாய்க்கு 5 ரூபாய் வீதம் சந்தாவைக் கூட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு 400, அடுத்த ஆண்டு 420, அதற்கடுத்த ஆண்டு 441. அப்போது கடைசியில் ஏறக்குறைய 10 லட்சம் ஆகும். ஆண்டுதோறும் இப்படிக் கூட்டியதில் வந்த வித்தியாசம் 4 லட்சம்.

அண்ணனுக்கு இந்த வசதி இல்லை. 44 வயதில் அவருக்கு என்.பி.எஸ். மட்டும்தான். அவருக்கு இருப்பதோ 16 ஆண்டுகள். அதனால் அவர் பங்கில் பாதிக்கு மேல் போடாமல், மீதியைக் கடன் பத்திரத்தில் வைப்பது நல்லது. மாதம் கட்டும் தொகையும் தங்கையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

எங்கே தவறு நடக்கிறது?

முதல் தவறு, எந்தப் படியில் சேர்ந்தோம் என்று தெரியாமல் இருப்பது. வங்கியில் படிவம் நீட்டுவார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். 5,000 ரூபாய் வரும் என்று நினைத்திருப்போம். 1,000 ரூபாய்ப் படியில் சேர்த்திருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டாம். பாஸ் புத்தகத்தைப் பதிந்து வாங்கிப் பாருங்கள். 30 வயதில் சேர்ந்தவருக்கு மாதம் 577 ரூபாய் கழிந்திருந்தால் அது 5,000 படி. 347 கழிந்திருந்தால் 3,000 படி. 116 மட்டும் கழிந்திருந்தால் 1,000 படி.

அப்படி இருந்தால் வங்கிக்குப் போய், “சார், என் கணக்கில் மாதம் 116 ரூபாய்தான் போகிறது. எனக்கு 5,000 ரூபாய்ப் படி வேண்டும். மாற்றித் தாருங்கள்” என்று கேட்கலாம். நிதியாண்டுக்கு ஒருமுறை படியை ஏற்றவும் இறக்கவும் விதி இடம் தருகிறது. ஏற்றினால் பழைய வித்தியாசத்தையும் கட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது தவறு, பணம் பிடிக்கும் நாளில் கணக்கில் பணம் இல்லாமல் போவது. சந்தாவை வங்கி தானாகப் பிடித்துக்கொள்ளும். பணம் இல்லாவிட்டால் பாக்கி நிற்கும். தாமதத்துக்கு 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் வீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். சீசன் தொழில் செய்பவருக்கு மாதச் சந்தா பொருந்தாது. அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ கட்டும் முறையைக் கேட்டு வாங்கலாம். அப்போது கை நிறையும் சீசனில் பணத்தைக் கணக்கில் போட்டு வைத்தால் போதும்.

மூன்றாவது தவறு, நடுவில் எடுப்பது. முதல் வழியில் 60 வயதுக்கு முன் தானாக விலகினால், கட்டிய பணமும் அதற்கு உண்மையில் வந்த வருமானமும்தான் கிடைக்கும். அதில் பராமரிப்புக் கட்டணமும் கழியும். 5,000 ரூபாய் உத்தரவாதம் அத்தோடு போய்விடும். என்.பி.எஸ்.ஸில் மூன்று ஆண்டுகள் ஆன பிறகு, பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், வீடு, பெரிய நோய் போன்ற செலவுகளுக்கு, தான் கட்டியதில் கால் பங்கு வரை எடுக்கலாம். அவசரச் செலவுக்கு என்று வேறு ஒரு சிறு சேமிப்பு வைத்திருப்பவர்தான் இந்த இரண்டையும் தொடாமல் இருக்க முடியும்.

நான்காவது தவறு 60 வயதில் நடக்கிறது. என்.பி.எஸ்.ஸில் சேர்ந்த பணத்தில் 40 சதவீதத்துக்காவது ஓய்வூதியப் பாலிசி வாங்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2025 டிசம்பரில் அதை மாற்றினார்கள். அரசு ஊழியர் அல்லாதவருக்கு, பெரிய தொகையானால் 20 சதவீதத்துக்குப் பாலிசி வாங்கினால் போதும். மொத்தமே 8 லட்சம் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், முழுவதையும் கையில் வாங்கிக்கொள்ளலாம்.

இது வசதிதான். ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. 13 லட்சம் சேர்த்தவர் 20 சதவீதம் மட்டும் பாலிசியில் போட்டால், அது 2 லட்சத்து 60 ஆயிரம். நாம் போட்ட கணக்குப்படி அதற்கு மாதம் 1,300 ரூபாய்தான் வரும். மீதிப் 10 லட்சத்துச் சொச்சம் கையில் இருக்கும். மகளுக்கு நகை, மகனுக்குக் கடை, வீட்டுக்கு மாடி என்று அது போய்விட்டால், 75 வயதில் மாதம் 1,300 ரூபாயோடு நிற்க வேண்டும். முதல் வழியில் இந்தப் பயம் இல்லை. அங்கே மொத்தப் பணம் கைக்கே வராது. மாதப் பணம்தான் வரும்.

ஆகவே சேரும் முன் ஒவ்வொருவரும் தன் நிலையை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். வயது 40க்குள்ளா, மேலா? வருமான வரி கட்டுகிறாரா, இல்லையா? பணம் மாதாமாதம் வருகிறதா, சீசனில் வருகிறதா? வயது 40க்குள் இருந்து, வரி கட்டாதவராக இருந்தால், 5,000 ரூபாய்ப் படியை முதலில் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் மிஞ்சுவதை என்.பி.எஸ்.ஸில் போட்டு, ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டு வரலாம்.

சேர்ந்தவர்களுக்கு ‘பிரான்’ என்று ஒரு 12 இலக்க எண் தருவார்கள். இரண்டு கணக்கு என்றால் இரண்டு எண். அந்த எண்களையும், நாமினியின் பெயரையும் பாஸ் புத்தகத்தின் உள் அட்டையில் எழுதி வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அதைக் காட்டி, வாசிக்கச் சொல்லுங்கள். கட்டியவர் காலமான பின் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கப் போகிறவர் அவர்தான்.